பிரியாவிடை வீடியோவில் குரல் விலகிய அனுபவம் யாருக்காவது உண்டா?

இறுதியாண்டு மாணவி: எங்கள் துறையின் பிரியாவிடை வீடியோவை நான்தான் எடிட் செய்கிறேன். வகுப்புக் காட்சிகள் குட்டிக் குட்டித் துண்டுகள், பின்னால் பாட்டு. அங்கே விலகல் எதுவும் தெரியவில்லை. ஆய்வக உதவியாளருக்கு என் தோழி நான்கு நிமிடம் நன்றி சொல்கிறாள். தொடக்கத்தில் குரல் சரியாகப் பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது. கடைசியில் அவள் வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. போனில் பார்த்தால் சரியாக இருக்கிறது. அழுதுகொண்டே சொன்ன வரிகள், வெட்ட மனமே வரவில்லை.

போன வருட மாணவர்: வாட்ஸ்அப்பில் வாங்கியிருப்பீர்கள். அதுதான் காரணம். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், எங்களுக்கு அப்படித்தான் படம் தெளிவாக வந்தது.

கல்யாண வீடியோ எடிட்டர்: டாக்குமெண்ட்டாக வாங்குவது நல்லதுதான், ஆனால் இந்த விலகல் அதனால் போகாது. போன் வினாடிக்கு 30 படம் என்று காட்டினாலும், வெளிச்சம் குறைந்த அறையில் அந்த எண்ணிக்கை இறங்கி ஏறும். போனின் பிளேயர் ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய நேரத்தில் காட்டிவிடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றையும் சம இடைவெளியில் அடுக்கும். படம் சீக்கிரம் முடிந்துவிடும், ஒலி பின்னால் வரும். மூல கோப்பை எடுத்து HandBrake என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் Video பக்கத்தில் 30, Constant Framerate என்று வைத்து மாற்றுங்கள். மாற்றியதும் கடைசிப் பத்து வினாடியைப் பாருங்கள். முதல் நிமிடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு கல்லூரி மாணவர்: எங்களுக்கும் அரங்கில் குரல் தாமதமாகத்தான் வந்தது! ப்ளூடூத் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வயரில் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

கல்யாண வீடியோ எடிட்டர்: தம்பி, உங்களுடையது வேறு. அதில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு இடைவெளி இருக்கும். இவங்களுக்குக் கூடிக்கொண்டே போகிறது.

ஓர் ஆசிரியை: மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவள் சொல்கிறேன். நன்றி சொல்லும்போது பாட்டை நன்றாகக் குறைத்துவிடுங்கள் அம்மா. ஒருமுறை என் பெயர் வந்தது காதில் விழுந்தது, என்ன சொன்னார்கள் என்பது பாட்டில் போய்விட்டது. பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கடைசிச் செய்தியையும் எழுத்தில் மட்டும் போடாதீர்கள். பின் வரிசையில் யாராலும் படிக்க முடிவதில்லை.

போன வருட மாணவர்: எழுத்துதான் நல்லது மேடம். அந்த நேரத்தில் கைதட்டலும் கூச்சலும், குரல் எங்கே கேட்கும்?

இறுதியாண்டு மாணவி: மாற்றிப் பார்த்தேன் அண்ணா, கடைசி வரி வரை பொருந்துகிறது. நன்றி. ஆனால் துறைத்தலைவருக்கு ஒருவன் பேசிய காட்சியின் மூல கோப்பு அழிந்துவிட்டது, எடிட் செய்து வெளியே எடுத்த, குரல் ஏற்கெனவே விலகிய பிரதிதான் இருக்கிறது. அதில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே வகுப்புப் படங்களைப் போட்டிருக்கிறேன். கடைசிச் செய்தியைக் குரலிலும் எழுத்திலும் வைக்கலாமா என்று வகுப்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.