165 ரூபாய் அடக்கமாகும் டி-ஷர்ட்டை 142க்குக் கேட்கிறார்கள், எடுக்கலாமா?

கட்டிங்மேசை:
திருப்பூரில் சின்ன யூனிட். மாதம் 40,000 பீஸ் தைக்கலாம். இப்போது 28,000தான் ஓடுகிறது, மெஷின்கள் சும்மா நிற்கின்றன. வழக்கமான விலை 180. அடக்கம் 165: துணி 88, தையல் கூலி 32, லேபிள், பேக்கிங் 12, மீதி 33 வாடகை, மாதச் சம்பளம், மெஷின் தவணை. புது பையர் ஒருவர் பிரிண்ட் போட்டு 15,000 பீஸ், 142 ரூபாய்க்குக் கேட்கிறார். ஒரே மாதத்தில் வேண்டுமாம். பீஸுக்கு 23 ரூபாய் நஷ்டம், வேண்டாம் என்கிறார் ஆடிட்டர். என்ன செய்யலாம்?

கொங்குத்தம்பி:
அண்ணா, வாடகையும் சம்பளமும் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் போகப்போகிறது. 132க்கு மேல் வருவதெல்லாம் லாபம். யோசிக்காமல் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி பாதி சரி. அந்த 33 ரூபாயை இதில் சேர்க்கக் கூடாது. ஆனால் புதிதாக வரும் செலவை விட்டுவிட்டீர்கள். பிரிண்டுக்கு எவ்வளவு ஆகும்?

கட்டிங்மேசை:
பீஸுக்கு 4 ரூபாய். ஸ்கிரீன், சாம்பிள் எல்லாம் சேர்த்து ஒரே தடவை 9,000.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் கூடுதல் செலவு 136, பீஸுக்கு 6 ரூபாய் நிற்கும். 12,000 பீஸ் என்றால் 72,000. ஸ்கிரீன் செலவு போக 63,000 கையில் மிஞ்சும். தாராளமாக எடுக்கலாம்.

சிக்கல் மீதி 3,000 பீஸில்தான். உங்களிடம் காலியாக இருப்பது 12,000க்கான இடம் மட்டுமே. அந்த 3,000க்காக வழக்கமான ஆர்டரைக் குறைத்தால் பீஸுக்கு 180 வரவு போய் 132 செலவு மிச்சம், அதாவது 48 ரூபாய் இழப்பு, மொத்தம் 1,44,000. முழு ஆர்டரில் வரும் 81,000ஐ அது விழுங்கி, 63,000 கைநஷ்டமாக்கிவிடும். ஓவர்டைமில் தைத்தால் இரட்டைக் கூலி, பீஸுக்கு 32 கூடுதல். அப்போதும் 15,000 ரூபாய் கடிக்கும். 143 கிடைத்தால்தான் கைக்குக் கை சரியாகும். அதனால் 12,000க்கு ஒத்துக்கொள்ளுங்கள், மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

அச்சகத்தார்:
சிவகாசியில் எனக்கும் இதே கதை. காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மா நின்றபோது நோட்டு அட்டையைக் குறைந்த ரேட்டில் அடித்துக் கொடுத்தேன். விஷயம் பழைய வாடிக்கையாளர் காதுக்குப் போய், அடுத்த சீசனில் அவரும் அதே ரேட் கேட்டார். நீங்கள் ஏன் 160 என்று பேசக் கூடாது?

கட்டிங்மேசை:
பேசிப் பார்த்தேன் சார், 142க்கு மேல் அசையவில்லை. ஆனால் இது வெளிமாநில ஆள், பிரிண்டும் அவருடைய பிராண்டு. என் பழைய பையருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

கணக்குப்பிள்ளை:
அது நல்லது. பணம் எப்போது தருவார்? 90 நாள் கடன் என்றால் துணிக்கு நீங்கள் போட்ட 88 ரூபாய்க்கான வட்டியையும் அந்த 6 ரூபாயில்தான் கழிக்க வேண்டும்.

கட்டிங்மேசை:
60 நாள் என்கிறார். முன்பணம் கேட்டிருக்கிறேன், 12,000 பீஸுக்கு ஒத்துக்கொள்வாரா என்பதும் திங்கள்கிழமைதான் தெரியும். அடுத்த மாதம் பழைய பையர் ஆர்டரைக் கூட்டினால் அந்த 3,000க்கு இடம் இருக்குமா என்றும் புரியவில்லை.