16 வயசு பொண்ண திரும்ப ஸ்கூல்ல சேர்க்க வழி வேணும் (பினாங்கு)

வணக்கம். என் அண்ணன் மகள், பட்டர்வொர்த் பக்கம், வயசு 16. படிவம் 4 படிக்கும்போதே கோயில்ல தாலி கட்டி வச்சிட்டாங்க, ஸ்கூலும் அதோட நின்னுச்சு. இப்ப 5 மாசம் கர்ப்பம். கிளினிக்ல ரத்தம் 8.4 தான் இருக்கு, 11ஆவது இருக்கணுமாம். அவ உடம்பே இன்னும் வளர்ற உடம்பு, அதுவும் இரும்புச்சத்து கேக்குது பிள்ளையும் கேக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்க, பிரஷர் ஏறுதான்னும் பாத்துட்டே இருக்காங்க. எனக்கு அதவிட பயம் என்னன்னா, கடைசியா எப்ப குளிச்சேன்னு நர்ஸ் கேட்டா கூட இவ மாமியார் மூஞ்சிய பாத்துட்டுதான் பதில் சொல்றா. கிளாஸ்ல கணக்குக்கு முதல்ல கை தூக்குன பிள்ளைங்க இது.

ஜேபிஎன்ல கேட்டாச்சு, கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகல. 18க்கு கீழ உள்ள பொண்ணுக்கு முதலமைச்சர் லைசன்ஸ் வேணும், அதுவும் 16 முடிஞ்சிருந்தாதான், இவங்க வாங்கவே இல்ல, அதனால சட்டப்படி இது கல்யாணமே இல்ல. 15999க்கு போன் பண்ணி வெல்ஃபேர் ஆபிசரும் வந்து பேசிட்டு போனாங்க. பழைய ஸ்கூல்ல கேட்டா தனியா எஸ்பிஎம் எழுதிக்கட்டும்னு சொல்றாங்க, ஆனா டீச்சர் இல்லாம அந்த வீட்டுல உக்காந்து அவளால எப்படி படிக்க முடியும்? அவளுக்கும் கிளாஸ்க்கு போகணும்னுதான் ஆசை, என்கிட்ட தனியா சொன்னா. எங்க அண்ணனும் இப்ப சம்மதிச்சிட்டாரு.

பிரசவத்துக்கு அப்புறம் இந்த மாதிரி பொண்ண படிவம் 4ல திரும்ப சேர்த்தவங்க பினாங்குல யாராவது இருக்கீங்களா, முதல்ல எந்த ஆபிஸ்ல எந்த பேப்பரோட போனீங்க?