தூண்டில் வளைவு: தெற்கே மணல் மேடு, வடக்கே தென்னை வேர்

வெண்ணிலா_பத்தாம்வகுப்பு
புதுச்சேரிக்கு வடக்கே பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். கடலுக்குள் நீட்டிய கல் வரிசைக்குத் தெற்கே நல்ல மணல். வடக்கே மணலே இல்லை, தென்னை வேர் வெளியே தெரிகிறது. மணல் சேரத்தானே தூண்டில் வளைவு போடுகிறார்கள்? பிறகு ஏன் ஒரு பக்கம் மட்டும் அரிக்கிறது?

சாக்பீஸ்
நான் பள்ளியில் புவியியல் எடுப்பவன். நம் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, கொஞ்சம் சாய்ந்து வரும். ஏறும்போது மணலையும் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்கும். அடுத்த அலை மறுபடி சாய்வாகத் தள்ளும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போய்க்கொண்டிருக்கும். தூண்டில் வளைவு அந்த அலையைத் தடுத்துவிடுகிறது. தடுக்கப்பட்ட அலை வடக்குப் பக்கம் திரும்பி இரண்டு மடங்கு வேகத்தில் அடிப்பதால் அங்கே அரிப்பு.

கரையளவன்
சார், முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

கரை அளவெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். காலை நனைக்கும் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் மணல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது மொத்தத்தில் ஒரு பங்குதான். அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் எப்போதும் கலங்கலாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அலை சாய்ந்து வந்து உடையும்போது, கரையை ஒட்டி ஒரே பக்கமாகத் தண்ணீர் ஓடத் தொடங்கும். உடையும் அலை மணலைக் கிளப்பிவிடும், அந்த ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதிகமான மணல் நகர்வது அங்கேதான்.

வெண்ணிலா, அடுத்த தடவை போகும்போது ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு போ. கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். கரையில் நின்றபடியே அலை உடையும் இடத்தில் பழத்தை எறிந்துவிட்டு, அது போகும் பக்கமாகக் கரையில் நட. ஐந்து நிமிடத்தில் எத்தனை அடி நடந்தாய் என்று எண்ணு. தேங்காய் மட்டை வேண்டாம், அது தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்பதால் காற்று இழுத்துவிடும்.

இப்போது வடக்குப் பக்கத்துக்கு வருவோம். அங்கே அலையின் வலு கூடவில்லை. முன்பு எவ்வளவு மணலை எடுத்துப் போனதோ அவ்வளவைத்தான் இன்றும் எடுத்துப் போகிறது. தெற்கிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டிய மணலைத்தான் கல் பிடித்து வைத்துக்கொண்டது.

வெண்ணிலா_பத்தாம்வகுப்பு
அப்படியென்றால் கல் போடும் முன்பும் வடக்கே மணல் போய்க்கொண்டேதான் இருந்ததா?

கரையளவன்
ஆமாம். போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதனால் கரை அப்படியே இருப்பதுபோலத் தெரிந்தது.

கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். இது எந்த ஊரிலும் அளந்தது இல்லை. ஒரு இடத்தைத் தாண்டி ஆண்டுக்கு 1,00,000 கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. அங்கே ஒரு தூண்டில் வளைவு வருகிறது. முதல் ஆண்டில் 60,000 கன மீட்டரை அது தெற்குப் பக்கம் பிடித்துக்கொள்கிறது, 40,000 மட்டும் கல்லின் நுனியைச் சுற்றி வடக்கே போகிறது. ஆனால் வடக்குக் கரையிலிருந்து அலை எடுத்துப் போவது அதே 1,00,000. குறைகிற 60,000 கன மீட்டரை அது எங்கிருந்து எடுக்கும்? கரையிலிருந்தேதான். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால் 6,000 நடை மணல். நீ பார்த்த தென்னையின் காலடியில் இருந்ததும் இந்த வகையில் போனதுதான்.

சில ஆண்டுகளில் தெற்குப் பக்கம் நிரம்பிவிடும். அப்புறம் மணல் நுனியைச் சுற்றி மறுபடி வடக்கே போகும், அரிப்பின் வேகமும் குறையும். ஆனால் அதற்குள் இழந்த கரை தானாகத் திரும்பாது.

வலைவீடு
கணக்கு நல்லா இருக்கு ஐயா. அந்த 6,000 நடையில் எங்கள் வீட்டு வாசலும் ஒன்று. கோட்டக்குப்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். நான் வந்தபோது கட்டுமரம் ஏற்றிவைக்கவும் வலை காயப்போடவும் கருவாடு பரப்பவும் இடம் இருந்தது. இப்போது கல்தான் இருக்கிறது. அலை பெரிசாக வரும் ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போகிறோம். எங்களுக்குத் தூண்டில் வளைவு வேண்டும். வடக்கே அரிக்கும் என்று சொல்கிறவர்கள், தெற்கே எங்களுக்கு வரவேண்டிய மணலை யார் பிடித்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

கல்வேண்டாம்
அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் உங்களுக்குத் தெற்கே உள்ள ஊர்களும் இதையேதான் கேட்டன. அங்கே கல் போட்டார்கள், அரிப்பு வடக்கே நகர்ந்தது. அடுத்த ஊர் கேட்டது, அங்கேயும் போட்டார்கள். உங்களுக்குப் போட்டால் தந்திராயன்குப்பம், அப்புறம் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இதற்கு முடிவு எங்கே? எல்லாக் கல்லையும் எடுத்தால் கடலே கரையைச் சரிசெய்துவிடும்.

கரையளவன்
கல்வேண்டாம், ஊர் ஊராக அரிப்பு நகர்கிறது என்பது உண்மை. கல்லை எடுத்தால் சரியாகிவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலைவீடு கேட்ட கேள்விதான் இங்கே முக்கியம்.

1980களின் கடைசியில் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். அதற்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் ஏறியது. வடக்கே நகரத்தின் கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் போய், கருங்கல் கொட்டினார்கள். அதற்கும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று அரிப்பு ஏறிக்கொண்டே போய்த் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டது.

சிறிய தூண்டில் வளைவு நிரம்பினால் மணலை விட்டுவிடும். துறைமுகச் சுவர் அப்படியில்லை. அது நீளமானது, பக்கத்திலேயே படகு வர ஆழமான வழியும் இருக்கும். நுனியைச் சுற்றி வரும் மணல் அந்தக் குழியில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, படகு தட்டுகிறது. தெற்கே சேர்ந்த மணலையும் குழியில் விழுந்த மணலையும் எடுத்து வடக்குக் கரையில் ஆண்டுதோறும் கொட்டிக்கொண்டே இருந்தால் சங்கிலி அறாது. அது ஒழுங்காக நடக்காததால்தான் இன்று ஊருக்கு ஊர் கல் கேட்கிறது. கல்லை மட்டும் எடுத்துவிட்டு, மணலை வரவிடாத சுவரை அப்படியே வைத்தால் வலைவீட்டின் தெருதான் முதலில் போகும்.

குமரிக்கரை
எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் கடற்கரை முழுக்கக் காணாமல் போகும். கார்த்திகை, மார்கழியில் தானாகத் திரும்பி வரும். எங்கள் பக்கம் துறைமுகமும் கிடையாது. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் துறைமுகம் மீதே பழி போடுகிறீர்களே? தூண்டில் வளைவு போட்டும் எங்களுக்கு ஆடியில் மணல் நிற்கவில்லை.

கரையளவன்
அண்ணே, உங்களுடையது வேறு நகர்வு. உங்கள் கரையில் தென்மேற்குப் பருவத்தின் பெரிய அலை மணலைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்து, கொஞ்ச தூரத்தில் திட்டாகப் போட்டு வைக்கிறது. அலை தணிந்ததும் சிறிய அலைகள் அதைத் திரும்பக் கரையேற்றுகின்றன. தூண்டில் வளைவு கரையை ஒட்டிப் பக்கவாட்டில் போகும் மணலைத்தான் பிடிக்கும். நேராகக் கடலுக்குள் போகும் மணலுக்கு அது குறுக்கே நிற்பதில்லையே.

குமரிக்கரை
சரி, மணல் நிற்கவில்லை என்பதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு கல் வரிசைக்கு நடுவே வள்ளம் இறக்க எங்களுக்கு எளிதாக இருக்கிறது. அதற்காகவே எங்கள் ஊரில் இன்னொன்று கேட்கிறோம். மணலை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

சாக்பீஸ்
கரையளவன் சார், இரண்டு மடங்கு வேகம் என்றதைத் திருத்திக்கொள்கிறேன். வேறொரு சந்தேகம். வடகிழக்குப் பருவத்தில் அலை வடக்கிலிருந்து சாய்ந்து வருமே. அப்போது மணல் தெற்கே திரும்பிவிடும், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் அல்லவா?

கரையளவன்
திரும்பும், ஆனால் சரிக்குச் சரியாகாது. நம் கிழக்குக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கே போகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தெற்கே. வடக்கே போவது பல மடங்கு அதிகம், எனவே ஆண்டு முடிவில் மிச்சம் வடக்குக்குத்தான்.

வலைவீடு
வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று எங்கள் மாமனார் சொல்வதும் இதைத்தான். வன்னி வடக்கிலிருந்து வரும் நீரோட்டம், தெண்டி தெற்கிலிருந்து வருவது. தெண்டி ஓடினால் கரை வளரும் என்பார். இப்போது தெண்டி ஓடியும் வளரவில்லை என்று அவருக்கு ஆற்றாமை.

கரையளவன்
அவர் சொன்னது சரிதான் அம்மா. தெண்டி ஓடத்தான் செய்கிறது, மணல் இல்லாமல் ஓடுகிறது. உங்கள் ஊரில் வெறும் கல் வரிசை போடுவதில் எனக்கு இருக்கும் தயக்கமும் அதுதான். வருகிற மணலே குறைவு, பிடிக்க என்ன இருக்கிறது? போட்டே ஆகவேண்டும் என்றால், கல் வரிசைகளுக்கு நடுவே வெளியிலிருந்து மணலைக் கொட்டி நிரப்பிவிட்டுத்தான் விட வேண்டும். அப்போது அது வடக்கே போகிற மணலை அவ்வளவாகப் பறிக்காது.

கல்வேண்டாம்
கல்லுக்குப் பதிலாக வேறு வழி இருக்கிறதே. புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் தண்ணீருக்கு அடியில் ஒரு திட்டு அமைத்தது, அங்கே மணல் திரும்ப வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

வலைவீடு
பார்த்தோம் தம்பி. சுற்றுலா வருகிறவர்கள் கால் நனைக்க அங்கே மணல் வந்தது. அந்த மணலும் வடக்கே எங்களுக்கு வந்துகொண்டிருந்ததா இல்லையா? அதையும் அளந்து சொல்லுங்கள்.

கரையளவன்
நியாயமான கேள்வி. எந்த வழியில் மணலைத் தேக்கினாலும், நிரம்பும் வரை அது வடக்கின் பங்கிலிருந்துதான் வரும். திட்டுக்கும் அது பொருந்தும்.

வெண்ணிலா_பத்தாம்வகுப்பு
ஐயா, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய் எலுமிச்சம்பழம் எறிந்தேன். ஐந்து நிமிடத்தில் 212 அடி நடந்தேன். ஆனால் பழம் தெற்கே போனது! கல் வரிசைக்கு இப்போதும் தெற்கேதான் மணல் மேடாக இருக்கிறது. வடக்குப் பக்கம் இறங்கினால் கல்லின் உச்சி என் தலைக்கு மேலே நிற்கிறது.

கரையளவன்
இது ஜனவரி, அதனால் தெற்கே போயிருக்கிறது. கல்லின் இரு பக்கமும் நீ பார்த்த உயர வித்தியாசம் பல ஆண்டுகளின் மிச்சம், நான்கு மாதத்தில் அது மாறாது. ஜூலையில் அதே இடத்தில் இன்னொரு பழம் எறிந்து அடியை எண்ணி எழுது.

வலைவீடு
பாப்பா, ஜூலையில் வரும்போது எங்கள் தெருப் பக்கமும் வா. எறிவதற்குக் கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.