98 சதவீதம், 14,000 ஆஸ்பத்திரி: இதை நம்பி பாலிசி எடுக்கலாமா?

ராயபுரத்தான்:
அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி பார்க்கிறேன். ஒரு கம்பெனி க்ளெய்ம் செட்டில்மென்ட் 98 சதவீதம், பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி 14,000 என்கிறது. இன்னொன்று 91 சதவீதம், 9,000 ஆஸ்பத்திரி. ஆனால் முதல் கம்பெனி மேல் புகார் மூன்று மடங்கு. எதை எடுப்பது?

பழைய ஏஜென்ட்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 98 தான். நூறு பேர் கேட்டால் 98 பேருக்குப் பணம் வருகிறது. புகாரைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி, பெரிய கம்பெனி என்றால் புகாரும் பெரிதாகத்தான் இருக்கும். 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மணலிக்காரர்:
98 எல்லாம் உண்மைதான். எங்கள் அப்பா தவறியபோது பேப்பர் கொடுத்த பத்தே நாளில் முழுப் பணமும் அக்கவுண்டில் வந்துவிட்டது. ஒரு ரூபாய் குறையவில்லை.

கணக்குப்பிள்ளை:
மணலி அண்ணே, நீங்கள் சொல்வது ஆயுள் காப்பீடு. அங்கே இந்த சதவீதத்துக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலும் முழுத் தொகை தருவார்கள், இல்லையென்றால் மறுப்பார்கள். ஹெல்த்தில் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கம்பெனிகளுக்காக க்ளெய்மைச் சரிபார்க்கும் டிபிஏ நிறுவனத்தில் ஒன்பது வருடம் பில் வெட்டியவன் நான், அதனால் சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒருவர் பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்கிறார் என்று வையுங்கள். பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அவர் எடுத்ததோ 8,000 ரூபாய் ரூம். மூன்று நாள், மொத்த பில் 1,80,000.

ரூமுக்கு 24,000 பில், 15,000 தருவார்கள். இது எல்லோருக்கும் புரியும். ஆனால் டாக்டர், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 96,000 இருக்கிறதே, அதிலும் எட்டில் ஐந்து பங்குதான். 60,000. ரூம் விகிதத்திலேயே மற்றதையும் குறைப்பார்கள். மருந்து, டெஸ்ட் 48,000 மட்டும் முழுதாகக் கிடைக்கும். கையுறை, மாஸ்க் என்று போட்ட 12,000க்குப் பூஜ்யம். ஆக வருவது 1,23,000. கையிலிருந்து 57,000 கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்தக் கம்பெனியின் கணக்கில் இந்த க்ளெய்ம் என்ன? 'செட்டில்டு'. ஒன்றுக்கு ஒன்று, நூறு சதவீதம். உங்கள் 98க்குள் இவரும் இருக்கிறார்.

பழைய ஏஜென்ட்:
அது அவர் 8,000 ரூம் எடுத்த தப்பு. கம்பெனி என்ன செய்யும்? ரூம் வரம்பு இல்லாத பாலிசி எடுத்திருந்தால் இந்த வெட்டு இல்லையே.

கணக்குப்பிள்ளை:
சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரம்பு விளம்பரத்தில் இருக்காது, பாலிசி வாசகத்தில் இருக்கும். நான் சொல்வது இதுதான்: எண்ணிக்கை சதவீதம் வேறு, தொகை சதவீதம் வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2023-24 ஆண்டறிக்கையில் நாடு முழுக்க ஹெல்த் க்ளெய்ம் எண்ணிக்கையில் சுமார் 82 சதவீதம் செட்டில் ஆகியிருந்தது. கேட்ட தொகையிலோ சுமார் 71 சதவீதம்தான் கொடுத்திருந்தார்கள்.

98ஐ எப்படிக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். கொடுத்ததையும் மறுத்ததையும் மட்டும் வைத்து வகுத்தால் எண் அழகாக வரும். பாக்கி கிடப்பது, 'பேப்பர் வரவில்லை' என்று மூடியது எல்லாம் வெளியே போய்விடும். கம்பெனியின் வெப்சைட்டில் Public Disclosures என்ற பக்கத்தில் NL-37 படிவம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். வந்த க்ளெய்ம் எத்தனை, கொடுத்தது, மறுத்தது, பாக்கி எத்தனை என்று அதில் இருக்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

திருவொற்றியூர் அக்கா:
14,000 ஆஸ்பத்திரி கதையை நான் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. கம்பெனி ஆப்பில் எங்கள் பின்கோடு 600019 போட்டால் பதினான்கு பெயர் வந்தது. அதில் கண், பல், தோல் என்றே பத்து. ஒன்று மூடிப்போய் வருடமாகிறது. மீதி மூன்றுக்குப் போன் போட்டால் ஒன்றில்தான் ஹார்ட் டாக்டர் இருந்தார். அவர்களும் "உங்க பிளானுக்கு எங்ககிட்ட கேஷ்லெஸ் இல்லம்மா" என்றார்கள். கடைசியில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். நல்லபடியாகப் பார்த்தார்கள், செலவே ஆகவில்லை. நான் கட்டிய பிரீமியம்தான் வீண்.

மணலிக்காரர்:
இப்போதுதான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் என்று வந்துவிட்டதே. கம்பெனியின் நெட்வொர்க் பட்டியல் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
2024 ஜனவரியில் வந்தது உண்மை. ஆனால் முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். அப்போதும் அந்த ஆஸ்பத்திரி சம்மதிக்க வேண்டும். ரேட் ஒத்துவராமல் "முதலில் கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கோங்க" என்று சொல்லும் இடங்கள் நிறைய.

அக்கா சொன்னதுதான் வழி. மொத்த எண்ணை மறந்துவிட்டு வீட்டு பின்கோடு, பக்கத்து இரண்டு பின்கோடு போட்டுப் பாருங்கள். ஐசியு இருக்கும் இடங்களை மட்டும் எடுத்து, அங்கே இன்சூரன்ஸ் கவுன்டருக்கே போன் செய்து பாலிசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி கால் சென்டரில் கேட்டால் பட்டியலை அப்படியே வாசிப்பார்கள்.

புகார் விஷயத்தில் ஏஜென்ட் சாருக்குப் பாதி மார்க். முதல் கம்பெனியில் 40 லட்சம் பாலிசி, 3,600 புகார் என்று வைத்தால் பத்தாயிரத்துக்கு 9. இரண்டாவதில் 8 லட்சம் பாலிசி, 1,200 புகார் என்றால் 15. மூன்று மடங்கு என்று பயந்தது தலைகீழாகிவிட்டது! NL-45 படிவத்தில் இந்தப் பத்தாயிரம் கணக்கை அவர்களே போட்டிருப்பார்கள். க்ளெய்ம் புகாருக்குத் தனியாகவும் இருக்கும். நான் அதைத்தான் பார்ப்பேன். அதோடு எத்தனை புகாரை ஏற்றார்கள், எத்தனையைத் தள்ளினார்கள் என்பதையும். பாதிக்கு மேல் புகார்தாரர் பக்கம் முடிந்தால், முதல் தடவை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய ஏஜென்ட்:
அப்படிச் சொல்ல முடியாது. ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் இறங்கி வருகிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாமே.

திருவொற்றியூர் அக்கா:
நான் புகாரே கொடுக்கவில்லை. என்னைப் போல எத்தனை பேரோ. அதை எந்தப் படிவத்தில் போடுவார்கள்?

கணக்குப்பிள்ளை:
அதற்குப் பதில் இல்லை அக்கா. ஏஜென்ட் சார் சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியவில்லை. காப்பீட்டுப் புகாரை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேன் ஆண்டறிக்கையில் கம்பெனி வாரியாகப் புகார் இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கலாம். கம்பெனியிடம் கேட்டு ஒரு மாதத்தில் தீராமல் அங்கே போனவர்கள்தான் அதில் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் கனமான பட்டியல்.

ராயபுரத்தான்:
மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். 600013, 600021, 600081 மூன்றிலும் சேர்த்து முதல் கம்பெனிக்கு 23 பெயர், ஐசியு உள்ளது ஆறு. போன் செய்ததில் நான்கு பேர்தான் இந்தப் பாலிசியை எடுப்போம் என்றார்கள். இரண்டாவதுக்கு 11 பெயர், ஐசியு ஐந்து, ஐந்து பேரும் சரி என்றார்கள். முதல் பாலிசியில் ரூமுக்கு அதே 1 சதவீதம். இரண்டாவதில் வரம்பு இல்லை, ஆனால் வருடத்துக்கு 7,000 அதிகம். சர்க்கரை சார்ந்த க்ளெய்முக்கு முதல் பாலிசியில் மூன்று வருடக் காத்திருப்பு, இரண்டாவதில் இரண்டு.

பழைய ஏஜென்ட்:
7,000 சும்மா இல்லை தம்பி. எங்கள் பக்கம் 5,000க்குள் ரூம் இல்லையா என்ன? ரூம் வாடகை கேட்டீர்களா?

ராயபுரத்தான்:
கேட்கவில்லை சார். அந்த நான்கு பேருக்கும் நாளைக்குத் திரும்பப் போன் போடுகிறேன்.

திருவொற்றியூர் அக்கா:
போடும்போது தனி ரூமா, ஷேரிங்கா என்று பிரித்துக் கேளு தம்பி. அப்புறம் அம்மாவின் சர்க்கரையை விண்ணப்பத்தில் எழுது. ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னாலும் எழுது.

பழைய ஏஜென்ட்:
நான் எப்போது வேண்டாம் என்றேன்?