பிரெஸ்ட் வழக்கில் திரை விலகியதா?

துரை: "எல்லாப் பங்கும் ஒரே ஆளிடம் இருந்தால் கம்பெனி வெறும் பெயர்ப்பலகைதான். 2013இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிரெஸ்ட் விவாகரத்து வழக்கில் கம்பெனியையும் முதலாளியையும் சட்டம் தனித்தனி ஆளாகப் பிரித்து வைக்கும் திரையை விலக்கித்தானே, கணவனுடைய கம்பெனி வீடுகளை மனைவிக்குக் கொடுத்தது?"

எழிலன்: தீர்ப்பைப் படிக்காமல் இதை எத்தனை முறை எழுதுவீர்கள்? அங்கே திரை விலகவே இல்லை. ஏழு வீடுகளும் கம்பெனிகளின் பெயரில் இருந்தன. வாங்கிய பணம் யாருடையது என்று கேட்டபோது கணவனும் கம்பெனிகளும் ஒழுங்காக ஆவணம் காட்டவில்லை. அதனால் பணம் கணவனுடையது, கம்பெனிகள் அவருக்காக அதை நம்பிக்கைச் சொத்தாக வைத்திருந்தன என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அவருடைய சொத்து என்பதால்தான் மனைவிக்குப் போனது.

துரை: வீடு யார் கைக்குப் போனது? மனைவி கைக்கு. அப்புறம் என்ன?

மலர்விழி: என் கதையைக் கேளுங்கள். சரக்கு வாங்கிய கம்பெனி பணம் தராமல் மூடிவிட்டது. முதலாளி வசதியாகத்தான் இருக்கிறார். அவர் வீட்டை என்னால் பிடிக்க முடியாதா?

எழிலன்: கடன் கம்பெனியுடையது, அம்மா. பங்குக்கான பணத்தை முழுதாகக் கட்டியவரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. 1897 சாலமன் வழக்கில் 20,007 பங்குகளில் 20,001 முதலாளி சாலமனிடமே இருந்தன. அப்படியும் கம்பெனிக் கடனை அவர் தலையில் கட்ட, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. துரை இதற்குப் பதிலே சொல்வதில்லை. வங்கிகள் கடன் தரும்போதே முதலாளியிடம் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்குவது இதனால்தான். தர முடியாது என்று தெரிந்தே ஆர்டர் கொடுத்திருந்தால் மோசடி வியாபாரம் என்று மூடிய கம்பெனியின் கணக்கை முடிக்கும் கலைப்பு அதிகாரியிடம் முறையிடலாம்.

மலர்விழி: யார் எங்களிடம் உத்தரவாதம் வாங்கச் சொன்னார்கள்?

துரை: லிப்மன் வழக்கு? 1962. அங்கே விலகவில்லையா?

எழிலன்: விலகியது. லிப்மன் தன் நிலத்தை ஒருவருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். பிறகு மனம் மாறி, அதைக் கொடுக்காமல் இருக்கவே ஒரு கம்பெனியை வாங்கி அதன் பெயருக்கு மாற்றினார். கடமை முதலில், கம்பெனி பிறகு. பிரெஸ்டில் திருமணம் முறிவதற்கு வெகுகாலம் முன்பே வீடுகள் கம்பெனிகளிடம் இருந்தன. மனைவிக்கான கடமையிலிருந்து தப்பிக்கப் போட்ட ஏற்பாடு அல்ல அது. இந்த வரிசையைப் பாருங்கள், பங்கு எத்தனை என்பதை அல்ல.

கதிர்: எழிலன், போன மாதம் நீங்களே தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எல்லோருக்கும் பாடம் நடத்துகிறீர்கள்.

எழிலன்: அது வேறு வழக்கு. அன்றே திருத்தினேன்.

கதிர்: திருத்தவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

துரை: வரிசை எல்லாம் வக்கீல்கள் பேச்சு. கம்பெனி பெயரில் இருந்த வீடு மனைவி பெயருக்கு மாறியது. எனக்கு அதுதான் திரை விலகியது.

எழிலன்: நம்பிக்கைச் சொத்துக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசாதீர்கள்!

மலர்விழி: அந்தக் கம்பெனி மூடுவதற்குச் சில வாரம் முன்புதான் எங்களிடம் பெரிய ஆர்டர் கொடுத்தது. அதை யாராவது சொல்லுங்கள்.

துரை: வீடு யார் கைக்குப் போனது?