எஃப்-75 பாலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், நாகர்கோவில்:
கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளுக்கான வார்டு அட்டையைத் தமிழாக்குகிறேன். முதல் கட்டம் ‘நிலைப்படுத்தும் கட்டம்’. அதில் கொடுக்கும் எஃப்-75ஐத் ‘தேற்றுப்பால்’ எனலாமா? பிள்ளை தேறத்தானே கொடுக்கிறோம்?

குழந்தை மருத்துவர், தக்கலை:
அந்தச் சொல்லை அடுத்த கட்டத்து எஃப்-100க்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி எஃப்-75இல் 75 கலோரியும் 0.9 கிராம் புரதமும்தான். எஃப்-100இல் புரதம் 2.9 கிராம். எஃப்-75இல் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையின் இதயமும் சிறுநீரகமும் அதிக உப்பையும் நீரையும் தாங்காது. முதல் நாட்களில் எடை ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. வீக்கமுள்ள பிள்ளைக்கு நீர் வடிந்து எடை குறையும். ‘தேற்றுப்பால்’ என்று அட்டையில் இருந்தால், எடை ஏறவில்லையே என்று கூடுதலாக ஊட்டிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் ‘முதற்பால்’?

செவிலியர், குளச்சல்:
வேண்டாம் சார். பிரசவ வார்டில் முதல் பால் என்றால் சீம்பால். அம்மாமார் குழம்பிப்போவார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்தவும் கூடாது. தாய்ப்பால் கொடுத்த பிறகுதான் எஃப்-75.

பெயரைவிட அளவு அட்டையில் தெளிவாக இருக்கணும். 6 கிலோ பிள்ளை, வீக்கமில்லை என்றால் கிலோவுக்கு 130 மில்லி, ஆக நாளுக்கு 780. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 தடவை, ஒவ்வொன்றும் 65 மில்லி. உடம்பெல்லாம் வீங்கியிருந்தால் கிலோவுக்கு 100தான். ஒரு தடவைக்கு 50. ராத்திரி ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் எழுப்பித்தான் கொடுக்கணும். தூங்கட்டும் என்று விட்டால் விடியுமுன் சர்க்கரை இறங்கும், உடம்பு குளிரும். அக்குளில் 35 டிகிரிக்குக் கீழே போனால் சர்க்கரையும் பார்க்கணும். சர்க்கரை 54 மி.கி.க்குக் கீழே இருந்து பிள்ளை விழிப்பாக இருந்தால், 10 சதவீத குளுக்கோஸ் 50 மில்லி உடனே.

அங்கன்வாடிப் பணியாளர், கருங்கல்:
எங்க பிள்ளை ஒண்ணு மெலிஞ்சுபோச்சு. வீக்கமில்ல, நல்லா பசிக்குது, விளையாடுது. ஏத்தங்காப் பொடி காச்சிக் குடுக்கோம். இந்தப் பாலையும் ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா குடுக்கலாமா டாக்டர்?

மருத்துவர்:
வேண்டாம் அக்கா. இது வார்டில் கண்காணித்துக் கொடுப்பது. அந்தப் பிள்ளையின் கைச்சுற்றளவை அளந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பசி இருப்பது நல்ல அறிகுறி. வேறு சிக்கலும் இல்லையென்றால் வார்டு தேவைப்படாது.

செவிலியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். நாடி நிமிடத்துக்கு 25ம் மூச்சு 5ம் கூடி, நாலு மணிநேரம் கழித்துப் பார்த்தாலும் இறங்காவிட்டால் இதயம் திணறுகிறது என்று சந்தேகிக்கணும். எடையும் சட்டென ஏறினால் அது சதை அல்ல, நீர்.

மொழிபெயர்ப்பாளர்:
உடம்பு தாங்கும் அளவுக்கே என்பதால் ‘தாங்குபால்’?

செவிலியர்:
காதுக்குப் புதுசு. வார்டில் ‘எழுபத்தஞ்சு பால்’ என்றுதான் கேட்போம். டப்பாவிலும் அந்த எண்தான் இருக்கு. மாற்றி எடுக்க மாட்டோம்.

மருத்துவர்:
எனக்குத் ‘தாங்குபால்’ பிடிக்கிறது. ஆனால் எண்ணை விடாதீர்கள்: ‘தாங்குபால் 75’, ‘தேற்றுப்பால் 100’. அம்மாமாரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.