ஞாயிற்றுக்கிழமை லீவு போதாது: பீக் ஃப்ளோ நோட்டு காட்டிக்கொடுத்த கதை

குடியாத்தம் பெயின்டர்:
வேலூர்ல ஒரு ஷெட்ல 11 வருஷமா கார் பெயின்ட் அடிக்கிறேன். போன வருஷத்துல இருந்து ராத்திரி 2 மணிக்கு இருமல் எழுப்பி உட்கார வெச்சிடும். கன் பிடிச்சு அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. அதனால வேலை மேல சந்தேகமே வரல. தலகாணிப் பஞ்சு, எதிர்வீட்டு நாய்னு பழி போட்டுக்கிட்டு இருந்தோம். முதல்ல பார்த்த டாக்டர், "ஞாயித்துக்கிழமை சரியாவுதா?"ன்னு கேட்டார். இல்லன்னேன். "அப்ப இது வேலையால வந்த ஆஸ்துமா இல்ல"ன்னு இன்ஹேலர் எழுதிக் கொடுத்துட்டார்.

அப்புறம் வேற இடத்துல, எவ்ளோ வேகமா மூச்சை வெளியே ஊதுறோம்னு அளக்குற பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்து, எழுந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊதி எழுதச் சொன்னாங்க. முதல் வாரம் திங்கள் சாயந்திரம் 420 இருந்தது சனிக்கிழமை 330-க்கு வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை 345. அவ்ளோதான். அடுத்த ரெண்டு வாரமும் ஞாயித்துக்கிழமை பெருசா ஏறல.

நாலாவது வாரம் ஊர்ல கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. 9 நாள் லீவு போட்டேன். முதல் ரெண்டு நாள் பெருசா ஏறல. நாலாவது நாள் 400, கடைசி நாள் 470. கூட்டத்துல புழுதி, சாம்பிராணிப் புகை எல்லாம் இழுத்தும் 470! வேலைக்குத் திரும்பின மூணாவது சாயந்திரம் 380.

ஆற்காடு அண்ணாச்சி:
தம்பி, இது மூணு பந்து மேல ஏறுமே அந்த டப்பாதானே? எனக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் கொடுத்தாங்க. எனக்கு ரெண்டு பந்துதான் ஏறும், அதுக்கு என்ன அர்த்தம்?

நெஞ்சு நோய்ப் பிரிவு டெக்னீஷியன்:
அது மூச்சை உள்ளே இழுக்குற பயிற்சிக்கு, அண்ணா. இது ஒரே மூச்சுல பலமா வெளியே ஊதுறது. மூணு தடவை ஊதி அதிகமானதை எழுதணும், சராசரி இல்ல.

பெயின்டர் தம்பி, உங்க நோட்டுல ஞாயித்துக்கிழமையை விட அந்த 9 நாள்தான் பேசுது. சிலருக்கு மூச்சுக்குழல் வீக்கம் வடிய ரெண்டு மூணு நாளுக்கு மேல ஆகும். ஒரு நாள் லீவுக்குள்ள அது தெரியாது. இன்னொண்ணு, யாருக்குமே காலையில அளவு கொஞ்சம் கம்மியா இருக்கும், மதியத்துக்கு மேல ஏறும். அதனால வேலை நாள் சாயந்திரத்தை லீவு நாள் சாயந்திரத்தோடதான் வெச்சுப் பார்க்கணும். அந்த 9 நாள்ல இன்ஹேலரை மாத்தினீங்களா? மாத்தியிருந்தா, ஏறினது மருந்தாலயா லீவாலயான்னு பிரிக்க முடியாது.

குடியாத்தம் பெயின்டர்:
மாத்தல அக்கா. அதே காலை 2, ராத்திரி 2.

ராணிப்பேட்டை டிங்கர்:
எல்லாம் தின்னர் வாசனைதான்பா. வாசனை கம்மியான பெயின்ட்டா வாங்கு, துணி மாஸ்க் கட்டு, போதும்.

நெஞ்சு நோய்ப் பிரிவு டெக்னீஷியன்:
தின்னர் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், அது சரிதான். ஆனா இங்க முதல் சந்தேகம் கிளியர் கோட்ல கலக்குற ஹார்ட்னர் மேல. அதுல இருக்குற ஐசோசயனேட் நம்ம மூக்குக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே கெடுதல் பண்ணிடும். வாசனை இல்லன்னா காத்து சுத்தம்னு நினைக்கிறது தப்பு. துணி மாஸ்க் அந்த ஸ்ப்ரே பனியை நிறுத்தாது. வெளிக்காத்து குழாயில வர்ற முகமூடி வேணும். அடிச்சு முடிச்சதும் "நிறம் எப்படி வந்திருக்கு"ன்னு முகமூடியைத் தூக்கிப் பார்க்குறாங்களே, அங்கதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. கண்ணுக்குத் தெரியாத பனி அப்பவும் உள்ளேதான் நிக்குது. ஒரு தடவை உடம்புக்கு இது பிடிக்காம ஆயிடுச்சுன்னா ரொம்பக் கொஞ்சமே போதும், அதனால அவருக்கு இனி முகமூடி மட்டும் போதுமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

காட்பாடி பேக்கரிக்காரர்:
என் கதை வேற மாதிரி. ரெண்டு வருஷமா மைதா மூட்டை பிரிச்சு மிக்ஸர்ல கொட்டினா தும்மல், மூக்குல தண்ணி. இப்போ கொஞ்ச மாசமா விசில் மாதிரி மூச்சு. எங்க கடையில கொட்டுனதும் ஆரம்பிச்சுடும், ராத்திரி வரைக்கும் காத்திருக்காது. மைதா சாப்பிட்டா ஒண்ணும் பண்றதில்ல, பரோட்டா நாலு உள்ளே போவுது. அப்ப மைதா அலர்ஜி இல்லதானே?

நெஞ்சு நோய்ப் பிரிவு டெக்னீஷியன்:
சாப்பிடுறதும் தூளா இழுக்குறதும் ஒண்ணு இல்லங்க. பேக்கரியில முதல்ல மூக்கு, அப்புறம் நெஞ்சுன்னு வர்றது நாங்க அடிக்கடி பார்க்குறது. மைதா மட்டும்னு இல்ல, பிரெட் இம்ப்ரூவர்ல இருக்குற அமைலேஸ் என்சைமும் காரணமா இருக்கலாம். ரெண்டுக்கும் டெஸ்ட் கேளுங்க. நோட்டுல என்னைக்கு மூட்டை கொட்டினீங்க, என்னைக்கு கல்லாவுல மட்டும் உட்கார்ந்தீங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. ராத்திரி உட்கார்ந்து மொத்தமா ஞாபகத்துல எழுதாதீங்க, 350, 350, 350-ன்னு வரிசையா வந்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும்.

காட்பாடி பேக்கரிக்காரர்:
ஓனரே நான்தான். எனக்கு யார் 9 நாள் லீவு தருவா?

குடியாத்தம் பெயின்டர்:
எனக்கும் அதே குழப்பம்தான், அண்ணா. ஷெட்ல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க, தொழில் நோய்ப் பட்டியல்ல ஆஸ்துமா இருக்குன்னு சொன்னாங்க. ஆனா நோட்டைக் காட்டினா முதலாளி வேலையை விட்டே அனுப்பிடுவாரோன்னு பயம். இப்போதைக்கு என்னைப் பட்டி தேய்க்கிற பக்கம் மாத்தியிருக்காங்க. ஸ்ப்ரே அடிக்கிற இடம் அங்க இருந்து பத்தடி தூரம்தான். நேத்து சாயந்திரம் 390.